மூன்று நாள் இடுப்புவலி: முத்துக்குளித்துறையில் பேறுகால வேண்டுதல்கள்

1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து ரோமுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். பெறுநர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். கரைக்கு வந்து சில நாள்களே ஆன சவேரியார், வழியில் ஓர் ஊரில் நடந்ததை அதில் விவரிக்கிறார். அந்த ஊரார் கிறிஸ்தவர்கள் அல்லர். அங்கே ஒரு பெண்ணுக்கு மூன்று நாளாக இடுப்புவலி, பிள்ளை வரவில்லை. பிழைப்பாள் என்ற நம்பிக்கையை வீட்டார் விட்டுவிட்டார்கள். அந்த ஊர் காயல்பட்டினத்தை ஒட்டிய கொம்புத்துறை என்று சவேரியாரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கொள்கிறார்கள்.

சவேரியாருக்கு அப்போது தமிழ் தெரியாது. கூட வந்தவர்களில் இந்தக் கரையின் மொழி அறிந்த, கோவாவில் படித்த இளைஞர் ஒருவர் இருந்தார். இருவரும் வீட்டுக்குள் போனார்கள். வேற்று நாட்டில் இருக்கிறோம் என்பதையே மறந்து கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி வேண்டத் தொடங்கியதாக சவேரியார் எழுதுகிறார். விசுவாசப் பிரமாணத்தை அவர் சொல்ல, இளைஞர் தமிழில் விளக்கினார். கிறிஸ்தவளாகச் சம்மதமா என்று கேட்டார்கள். அவள் சம்மதித்தாள். நற்செய்திப் பகுதி ஒன்றை வாசித்து அவளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். உடனே பிள்ளை பிறந்துவிட்டது. பிறகு கணவனுக்கும், மகன்களுக்கும் மகள்களுக்கும், அன்று பிறந்த குழந்தைக்கும் முழுக்கு நடந்தது. செய்தி ஊரெங்கும் பரவியது. அந்நேரம் வரி வாங்க வந்திருந்த அரசு அலுவலர் அனுமதி கொடுக்க, ஊரே மதம் மாறியது.

இந்தக் கடிதத்தைப் புனிதரின் அற்புதமாகவும் படிக்கலாம், மதமாற்ற வரலாறாகவும் படிக்கலாம். இரண்டையும் ஏற்கெனவே பலர் செய்திருக்கிறார்கள். இந்தச் சொற்பொழிவின் கேள்வி வேறு. பேறுகால வேண்டுதலில் கணவன் எங்கே நிற்கிறான்? கடிதத்தில் அவனுக்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் பிள்ளை பிறந்த பிறகு. மூன்று நாளும் அவன் என்ன செய்தான், யாரைக் கும்பிட்டான் என்பதற்குச் சொல் இல்லை.

இன்னொரு விவரம் மருத்துவர்களின் கண்ணில் உடனே படும். அவளுக்கு ஏற்கெனவே மகன்களும் மகள்களும் இருந்தார்கள். தலைப்பிரசவம்தான் நீளும். அடுத்தடுத்த பேறுகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பல பிள்ளை பெற்றவளுக்கு மூன்று நாள் வலி என்றால் பிள்ளை குறுக்கே கிடந்திருக்கலாம், தலை திரும்பாமல் சிக்கியிருக்கலாம். அத்தகைய பேற்றில் கருப்பை கிழியும் ஆபத்து, பல பிள்ளை பெற்றவளுக்கே அதிகம். சில நேரம் பிள்ளை கடைசியில் தானே திரும்பிக்கொள்வதும் உண்டு. கொம்புத்துறையில் எது நடந்தது என்று இன்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வீட்டார் நம்பிக்கை இழந்ததற்கு நியாயம் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கொம்புத்துறையில் நடந்தது ஆபத்தான நேரத்து வேண்டுதல். கத்தோலிக்க மரபில் பேறுகாலத்துக்கான பழைய ஆசியுரையும் இதே அச்சத்திலிருந்து பிறந்ததுதான். லத்தீன் சடங்கு நூலில் அதன் தலைப்பே, பேற்றின் ஆபத்துகளில் இருக்கும் கருவுற்ற பெண்ணுக்கான ஆசி என்று இருந்தது. குரு வருவார், தீர்த்தம் தெளிப்பார், தாய்க்காகவும் பிள்ளைக்காகவும் வேண்டுவார். தகப்பனுக்கு அதில் வேலை இல்லை. இந்த நிலை மாற நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க ஆயர்கள் தயாரித்து 2011 டிசம்பரில் வத்திக்கானின் ஒப்புதல் பெற்ற, கருவிலிருக்கும் குழந்தைக்கான ஆசிச் சடங்கில் தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனி மன்றாட்டு உண்டு.

வழிபாட்டு நூலில் இடம் இல்லாவிட்டால் மக்கள் வேறு வாசல் பார்த்துக்கொள்வார்கள். தூத்துக்குடியில் அந்த வாசல் பனிமய மாதா. சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். 1582-இல் கோயில் எழுந்தது. ஆகஸ்ட் 5 அன்று திருவிழா. கையில் பிள்ளையோடு நிற்கும் ஒரு தாயிடம் பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து நிற்பதற்கு மறையுரை எதுவும் தேவைப்படவில்லை. இத்தாலியின் ஜெரார்டு மஜெல்லா 1904-இல் புனிதர் பட்டம் பெற்றவர். அவர் படம் போட்ட செபச்சீட்டும் பிள்ளைத்தாய்ச்சிகளின் பைக்குள் புகுந்துவிட்டது. இருபத்தொன்பது வயதில் காலமான ஒரு துறவறச் சகோதரர், உலகெங்கும் கர்ப்பிணிகளின் காவலரானது விசித்திரம்தான்.

கொம்புத்துறையை ஒட்டிய காயல்பட்டினத்தில் கேள்விக்கு விடை வேறு. இஸ்லாமிய மரபில் கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்கும் துஆவுக்குக் குர்ஆனிலேயே இடம் இருக்கிறது. ஏழாம் அத்தியாயமான அல்-அஃராஃபின் 189-ஆம் வசனம் அது. கரு முதலில் இலேசாக இருக்கிறது, அவள் அதோடு நடமாடுகிறாள். பாரம் ஏறியதும் இருவரும் இறைவனை அழைத்து, குறையில்லாத பிள்ளையைத் தந்தால் நன்றியுள்ளவர்களாக இருப்போம் என்கிறார்கள். கேட்பவர்கள் இருவர் என்பதை அரபு இலக்கணமே காட்டிவிடுகிறது. வினை இருமையில் இருக்கிறது. அடுத்த வசனம் உடனே எச்சரிக்கிறது: பிள்ளை நலமாகப் பிறந்த பின் அந்த நன்றியை மறந்து, கொடுத்தவனுக்கு இணை வைத்துவிடுகிறார்கள் என்று. வலி நேரத்து வாக்குறுதி வலியோடு போய்விடும் என்பது எல்லா மதத்து நேர்ச்சைக்காரர்களுக்கும் தெரிந்த சங்கதி.

பேறுகாலம் நெருங்கும்போது பெண்கள் பலர் மர்யம் அத்தியாயத்தை ஓதுகிறார்கள். காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. மர்யமுக்கு வலி கண்ட இடம் ஒரு பேரீச்ச மரத்தடி. துணைக்கு யாரும் இல்லை. இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று அவர் புலம்புவதையும் குர்ஆன் மறைக்கவில்லை. காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் கனிந்த பழம் என்று ஆறுதல் வருகிறது. பேற்றுக்கு முன் பேரீச்சம்பழம் தின்னும் பழக்கத்துக்கு இந்த வசனத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள். இந்தப் பேற்றுக்கு இந்த சூரா என்று நபிவழியில் வரையறை இல்லை என்று ஆலிம்கள் பலர் திருத்திச் சொல்வதும் உண்டு. குர்ஆனில் எதை ஓதினாலும் நன்மை, ஆனால் கட்டாயம் என்று எதையும் சேர்க்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். ஓதுகிற பெண்கள் அந்த வாதத்துக்குள் நுழைவதில்லை.

காயல்பட்டினத்தின் வீட்டு முறை இந்தப் பேச்சுக்கு முக்கியம். அங்கே பெண் கல்யாணமாகிப் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்றால் கணவனை விட்டுப் பிரிவது என்று பொருள். காயல்பட்டினத்தில் தாய்வீடும் தன் வீடும் ஒன்றே. ஆகவே சடங்கு கணவனைப் பிரிப்பதில்லை. பிரிப்பது வணிகம். இலங்கை, ஹாங்காங், வளைகுடா என்று தொழில் தேடிப் போன ஆண்கள் பிள்ளை பிறந்த செய்தியைத் தந்தியிலும் தொலைபேசியிலும் கேட்ட ஊர் அது. பிறந்த பிள்ளையின் வலக்காதில் பாங்கு சொல்லத் தகப்பன் இல்லாத வீடுகளில், பாட்டனாரோ மாமாவோ அதைச் சொன்னார்கள்.

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் வைதிக மரபின் ஊர்கள். கணவனுக்கு வேறெங்கும் இல்லாத அளவு வேலை கொடுப்பது அந்த மரபுதான். ஆபஸ்தம்பரின் கிருஹ்ய சூத்திரம் சொல்லும் சீமந்தத்தில் புரோகிதர் துணை மட்டுமே, செய்பவன் கணவன். மூன்று வெள்ளைப் புள்ளி உள்ள முள்ளம்பன்றி முள், மூன்று தர்ப்பை, காய்களோடு கூடிய அத்திக் கொத்து ஆகியவற்றைச் சேர்த்துப் பிடித்து, மனைவியின் கூந்தலை நெற்றியிலிருந்து மேல்நோக்கி வகிர்கிறான். வீணை வாசிப்பவர்களைப் பாடச் சொல்கிறான். அந்தப் பாட்டில், அவர்கள் எந்த ஆற்றின் அருகே வாழ்கிறார்களோ அந்த ஆற்றின் பெயரைச் சேர்க்க வேண்டும். பிறகு முளைவிட்ட வாற்கோதுமையை அவள் தலையில் கட்டுகிறான். நட்சத்திரம் தோன்றும்வரை பேச்சு இல்லை.

அதே நூலில் இன்னொரு சிறு சடங்கும் இருக்கிறது, இன்று அதிகம் பேர் அறியாதது. பேறு விரைந்து நடக்க வேண்டிச் செய்வது. இதுவரை பயன்படுத்தாத ஒரு தட்டையான பாத்திரத்தில், ஆறு ஓடும் திசையிலேயே தண்ணீர் மொள்ள வேண்டும். எதிர்த்து மொள்ளக் கூடாது. மனைவியின் காலடியில் ஒரு மூலிகையை வைத்து, அவள் தலையைத் தொட்டு மந்திரம் சொல்லி, அந்த நீரைத் தெளிக்கிறான். ஓடுகிற போக்கில் எடுத்த நீர் போலப் பிள்ளையும் தடையின்றி வரட்டும் என்ற எண்ணம் செயலிலேயே தெரிகிறது. வலி நேரத்தில் கணவன் மனைவியின் தலைமாட்டில் இருக்கிறான் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பின்னாளில் சீமந்தம் மட்டும் ஆறாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ நின்றது. வலி நேரத்துச் சடங்கு வழக்கொழிந்தது. பேற்றறை முழுக்க மருத்துவச்சியின் ஆட்சிக்குப் போனது.

மற்றச் சமூகங்களின் வளைகாப்பில் கணவன் தொடக்கத்திலிருந்தே விருந்தாளிதான். வளையல் அடுக்குவது, சந்தனம் பூசுவது, கலந்த சாதம் ஊட்டுவது எல்லாம் சுமங்கலிகள் கையில். அவன் பந்தியைப் பார்த்துக்கொள்வான். நம்முடைய கோயில் கதைகளும் அப்படியே. திருச்சிராப்பள்ளியில் ரத்னாவதிக்கு வலி கண்டபோது தாய் காவிரி வெள்ளத்துக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவன் தாயின் உருவில் வந்து பேறு பார்த்துத் தாயுமானவர் ஆனார். கணவன் உருவில் வர வேண்டும் என்று கதை சொன்னவருக்குத் தோன்றவில்லை. திருக்கருகாவூரில் வேதிகை துன்பப்பட்டபோது கணவர் நித்துருவர் வெளியே போயிருந்தார். கருக்காத்தநாயகிதான் கருவைக் காத்தாள்.

திருக்கருகாவூர் கோயிலில் பிள்ளை வரம் வேண்டுபவர்களுக்கு நெய். சுகப்பிரசவம் வேண்டுபவர்களுக்கு விளக்கெண்ணெய். அம்பாள் பாதத்தில் வைத்துத் தரும் அந்த எண்ணெயை வலி நேரத்தில் அடிவயிற்றில் தடவிக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் சின்னப் புட்டிகளில் வாங்கி வருகிறார்கள். தடவுவதற்கு என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். விளக்கெண்ணெயைக் குடித்தால் குடல் கலங்கும். கருப்பையும் சுருங்கத் தொடங்கலாம். மாதம் முடியாதவள் குடித்தாலோ, முந்தைய பேறு அறுவையில் நடந்தவள் குடித்தாலோ விபரீதம் ஆகலாம். பிரசாதம் என்ற பெயரால் மருந்தின் குணம் மாறிவிடாது.

கணவன் ஏன் இத்தனை கதைகளில் வீட்டில் இல்லை? இந்தக் கரையைப் பொறுத்தவரை பதில் சுலபம். அவன் கடலில் இருந்தான். அவனுக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. அதற்குச் சம்பளமும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்துக்குளிக்கும் கடலில் பெருமீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து போனது என்கிறார். கட்டு பகலுக்கு மட்டும். இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக எவனும் குளிக்கக் கூடாது என்பதற்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சுறாவைக் கட்டும் ‘கடல்கட்டி’ இல்லாமல் குளிகாரர்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். ஆங்கிலேய அரசும் அவரை வைத்துக்கொண்டது. இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் ஒரு வேடிக்கையைக் குறித்திருக்கிறார்: அப்போது அந்தக் குடும்பத்தின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர். மந்திரம் பலிக்க அது தடையென்று யாரும் நினைக்கவில்லையாம்.

ஆணின் ஆபத்துக்குக் கரையில் எல்லார் முன்னும் மந்திரம், அரசாங்கத்தின் ஒப்புதல், முத்தில் பங்கு. பெண்ணின் ஆபத்துக்கு வீட்டுக்குள் ஒரு நேர்ச்சை, மருத்துவச்சிக்கு ஒரு சேலை. சுறா வாயில் போனவர்களைவிடப் பேற்றில் போனவர்கள் அந்தக் காலத்தில் மிக அதிகமாகவே இருந்திருப்பார்கள். ஆனால் கடல்கட்டியைப் போல, பேறு கட்டி என்று எந்த அரசும் எவரையும் வைத்துக்கொண்டதில்லை.

இரண்டு ஆபத்தையும் ஒரே மூச்சில் சொன்ன வேண்டுதல், எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் லித்தானியா என்ற நீண்ட மன்றாட்டு உண்டு. அதில் ஒரே விண்ணப்பத்துக்குள், தரையிலும் நீரிலும் பயணம் போகிறவர்களையும் பிள்ளைப்பேற்று வேதனையில் இருக்கும் பெண்களையும் அடுத்தடுத்து வைத்து, இருவரையும் காக்கச் சொல்கிறார்கள். ஞாயிறு, புதன், வெள்ளி ஆகிய நாள்களில் சொல்ல வேண்டியது இது. நாசரேத், முதலூர் வட்டாரத்துச் சபைகளில் தமிழில் ஒலித்திருக்கிறது. கணவன் கடலில், மனைவி வலியில் என்ற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விண்ணப்பத்தை யாரும் எழுதியிருக்க முடியாது; எழுதியவர்கள் தூத்துக்குடியைக் கண்டவர்கள் அல்லர்.

கடலுக்கு அக்கரையில், இலங்கையின் பௌத்த வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிக்காக ஓதுவது அங்குலிமால பிரித். பல உயிர்களைக் கொன்று பிறகு துறவியான அங்குலிமாலர், பேற்றில் தவிக்கும் ஒரு பெண்ணைக் கண்டு புத்தரிடம் சொல்கிறார். பிறந்தது முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை, இந்த உண்மையால் நீ நலம் பெறுக என்று அவளிடம் போய்ச் சொல் என்கிறார் புத்தர். அது பொய்யாகிவிடுமே என்று அங்குலிமாலர் தயங்குகிறார். அப்படியானால் துறவில் பிறந்தது முதல் என்று திருத்திச் சொல் என்கிறார். அப்படியே சொல்ல, பெண் நலமாகிறாள். இங்கே தெய்வத்திடம் கேட்பது எதுவும் இல்லை. உண்மையைச் சொல்வதுதான் வேண்டுதல், அதைச் சொல்லும் தகுதியும் சரிபார்க்கப்படுகிறது. யூதர்களிடையே ஒரு வழக்கம் இன்னும் எளிமையானது: மனைவிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும், தொழுகைக் கூடத்தில் மறைச்சுருள் பேழையைத் திறக்கும் பணியைக் கணவன் கேட்டு வாங்கிக்கொள்கிறான். கதவு திறப்பதன் குறிப்பு சொல்லாமலே விளங்கும்.

பலிக்காத வேண்டுதல்களுக்கும் இந்த நிலத்தில் அடையாளம் உண்டு. பழைய சாலை ஓரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல் பாவிய சுமைதாங்கிகள் இன்னும் சில நிற்கின்றன. தலைச்சுமையோடு வருபவர் அடுத்தவர் கை இல்லாமலே இறக்கி வைத்து, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளும் உயரம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே செத்துப்போனவளுக்காக வீட்டார் நட்டவை அவை. அவள் இறக்க முடியாத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கட்டும் என்று. அப்படிச் செத்தவள் இசக்கியாக நிற்கிறாள் என்ற நம்பிக்கையும் தென்பாண்டிச் சீமையில் பரவலானது. இசக்கியின் இடுப்பில் பிள்ளை இருக்கும். சூலிகள் அவளுக்குப் பயப்படுவார்கள். அவளிடமே வேண்டியும் கொள்வார்கள்.

பேறுகால ஜன்னியை இசக்கி பிடித்தது என்று எண்ணி மந்திரிக்கக் கூட்டிப்போன காலம் ஒன்று இருந்தது. ஜன்னி பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. இரத்த அழுத்தம் ஏறும், முகமும் கையும் வீங்கும், தலைவலி விடாது, கண்ணில் பூச்சி பறக்கும். நினைவோடு இருப்பவளுக்கு ஓதிய தண்ணீரோ தீர்த்தமோ திருநீறோ கொடுப்பதில் கேடு இல்லை. அதைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்தும் வலி வராமை, பிள்ளையின் துடிப்பு குறைதல், பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் முன்னேறாத வலி ஆகியவையும் இந்தக் கணக்கில்தான். 108-ஐ அழைத்துவிட்டு வண்டி வரும்வரை செபிப்பதைப் போதகர்களும் ஆலிம்களும் பூசாரிகளும் இன்று தடுப்பதில்லை.

வளைகாப்பும் இப்போது மதம் தாண்டிவிட்டது. தமிழக அரசின் சமுதாய வளைகாப்பில் அங்கன்வாடிப் பணியாளர்களே சுமங்கலிகளின் இடத்தில் நிற்கிறார்கள். பரதவர் வீட்டுப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் நாடார் பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கண்ணாடி வளையலுக்குக் கை நீட்டுகிறார்கள். ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், கலந்த சாதம் தருகிறார்கள். கணவர்கள் வந்தால் இங்கும் பின்வரிசைதான்.

பேற்றறைக் கதவு மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணை ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016-இல் வழிகாட்டுதல் தந்தது. துணைக்கு வருபவர் தொற்றுநோய் இல்லாதவராக, சுத்தமான உடையில், பேறு முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். சிகிச்சையில் தலையிடக் கூடாது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள பெண் என்றால் நல்லது. மற்றப் பெண்களின் மறைவு கெடாத இடங்களில் கணவரையும் விடலாம். பல கட்டில்கள் ஒரே கூடத்தில் கிடக்கும் இடங்களில் அந்தக் கடைசி விதியை நிறைவேற்ற வழியில்லை. ஆகவே தாயோ மாமியாரோ உள்ளே போகிறார்கள். மனைவியின் தலைமாட்டில் நின்று ஓதவோ செபிக்கவோ நினைக்கும் கணவர், அந்த மருத்துவமனையில் கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கிறதா என்பதை ஒன்பதாம் மாதப் பரிசோதனையின்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.